"பாக்கலாம் டீச்சர்"னு சொல்லியிருக்கக் கூடாது

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல நிறைய பேர் கேட்டிருந்தது ஒரே விஷயம்தான். "சொந்தமா சின்னதா ஒரு ப்ராடக்ட் ஆரம்பிச்சிருக்கேன், கோடு எழுத வருது, கஸ்டமர்கிட்ட பேச வரல". எனக்கும் வராது. ஆனா நான் வேலை பார்க்கிற இடத்துல வேற வழியில்லாம கத்துக்கிட்டேன். நாங்க மொத்தமே ஆறு பேர். தனியா சப்போர்ட் டீம் கிடையாது. இன்ஜினியர்கள் ஆளுக்கு ஒரு வாரம் முறை வெச்சு சப்போர்ட் பார்ப்போம். அந்த வாரம் மெயில், போன் எல்லாம் நம்ம தலையில.

எங்க சாஃப்ட்வேர் டியூஷன் சென்டர்களுக்கானது. யார் எந்த மாசம் ஃபீஸ் கட்டினாங்க, யார் கட்டல, ரசீது, அட்டெண்டன்ஸ், பெற்றோருக்கு நினைவூட்டல் மெசேஜ், அவ்வளவுதான். மாசத் திட்டம் 600 ரூபாய். வருடத் திட்டம் 5,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா வருடத்துக்கு 5,900. ரீஃபண்ட் பாலிசி ரெண்டே வரி: வாங்கின 14 நாளுக்குள்ள எந்தக் காரணமும் கேட்காம முழுப் பணமும் திருப்பித் தருவோம். அதுக்கப்புறம் வருடத் திட்டத்துக்கு ரீஃபண்ட் கிடையாது.

இன்னைக்கு பேசப்போறது அந்த ரெண்டாவது வரியைப் பத்தி. அதை ஒருத்தர்கிட்ட எப்படி சொல்றது?

போன வருஷம் ஜூலை 20, என்னோட சப்போர்ட் வாரம். கும்பகோணத்துல இருந்து ஒரு டீச்சர் மெயில் போட்டிருந்தாங்க. வீட்டு மாடியில டியூஷன் நடத்துறவங்க, அறுபது பிள்ளைங்க இருக்கும். ஜூன் 3-ம் தேதி வருடத் திட்டம் எடுத்திருந்தாங்க. கணவருக்கு கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆயிடுச்சு, ஆகஸ்ட் கடைசியோட சென்டரை மூடுறாங்க. "முழுப் பணம் கேட்கல தம்பி, மீதி பத்து மாசத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுங்க"ன்னு எழுதியிருந்தாங்க.

இன்னொரு பக்கம் பாருங்க, அன்னைக்கு 47-வது நாள். பாலிசிப்படி பதில் தெளிவா இருக்கு. நான் அனுப்பின முதல் பதில் இது:

"தங்கள் கோரிக்கையை எங்கள் ரீஃபண்ட் பாலிசியின்படி ஏற்க இயலாது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

மரியாதையாத்தான் இருக்கு, இல்லையா? பதினைஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு. "தம்பி, சிரமத்துக்கு வருந்துறேன்னு போட்டிருக்கீங்க. என்ன சிரமம்னு நீங்க என் மெயிலைப் படிச்சீங்களா?" நியாயமான கேள்வி. அடுத்து கேட்டாங்க, "சரி, அப்போ நான் என்ன பண்றது?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நான் சொன்னது: "பாக்கலாம் டீச்சர், மேல சொல்லிப் பாக்குறேன்."

இங்கதான் நான் தப்பு பண்ணேன். மெயில்ல இல்ல, போன்ல.

நம்ம ஊர்ல "பாக்கலாம்"ங்கிறது ஒரு மரியாதையான மறுப்பு. கல்யாணத்துக்கு வரச் சொல்லி கூப்பிட்டா "பாக்கலாம்"னு சொன்னா வரலன்னு அர்த்தம், ரெண்டு பேருக்கும் புரியும். ஆனா பணம் சம்பந்தப்பட்ட இடத்துல கேட்கிறவங்க காதுல அது அப்படி விழாது. அவங்களுக்கு அது "இன்னும் முடிவாகல, கொஞ்சம் அழுத்தினா கிடைக்கும்"னு விழும். அடுத்த மூணு நாள் டீச்சர் தினமும் போன் பண்ணாங்க. அவங்க தொல்லை பண்ணல. நான் திறந்து வெச்ச கதவைத் தட்டினாங்க, அவ்வளவுதான். மூணாவது நாள் கொஞ்சம் கோபமா, "பேங்க்ல சொல்லி பணத்தை நிறுத்திடச் சொல்றாங்க வீட்டுல"ன்னாங்க. கார்டுல கட்டின பணத்தை மறுத்து பேங்க்ல புகார் கொடுக்கிறது, அதான் சார்ஜ்பேக். அப்படி வந்துட்டா பேங்குக்கு ஆதாரம் அனுப்பி, பதில் வர வரைக்கும் காத்திருக்கணும். நாம ஜெயிச்சாலும் அந்த கஸ்டமரோட உறவு அங்கேயே முடிஞ்சிடும்.

மேலன்னு சொன்னேனே, அந்த "மேல" இருக்கிறவர் எங்க டீம்ல அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அண்ணன். அவர்கிட்ட போய் "ஒரு தடவை கொடுத்துடலாமே"ன்னு கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "கொடுக்கிறது இருக்கட்டும். அந்த 14 நாள் ரூல் எதுக்கு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியல. பாலிசி பேஜ்ல இருக்கு, அதனால சொன்னேன்.

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மாசத் திட்டத்துல பன்னிரண்டு மாசம் கட்டினா 7,200 ஆகும். வருடத் திட்டம் 5,000. 2,200 ரூபாய் குறைக்கிறோம், ஏன்னா ஒரு வருஷம் இருப்பேன்னு அவங்க சொல்றாங்க. மூணு மாசத்துல போறவங்களுக்கு மீதி ஒன்பது மாசத்தைத் திருப்பிக் கொடுத்தா அவங்க மூணு மாசத்துக்குக் கட்டினது 1,250 ரூபாய். மாசா மாசம் ஒழுங்கா கட்டின இன்னொரு டீச்சர் அதே மூணு மாசத்துக்கு 1,800 கட்டியிருப்பாங்க. அப்புறம் யாரும் மாசத் திட்டம் எடுக்க மாட்டாங்க. எல்லாரும் வருடத்தை எடுத்துட்டு வேணுங்கும்போது கிளம்பிடுவாங்க, குறைஞ்ச விலையே இருக்காது.

இதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மறுக்கிற தைரியமே வந்துச்சு. காரணம் தெரியாத ரூலைச் சொல்லும்போது குரல் தானா இறங்கிடும். கேட்கிறவங்களுக்கு அது தெரிஞ்சிடும். இன்னொண்ணும் கவனிங்க. இந்தக் காரணத்தை கஸ்டமர்கிட்ட அப்படியே சொல்லலாம். வேற காரணங்களும் எங்களுக்கு இருக்கு. ரீஃபண்ட் கொடுத்தாலும் பேமெண்ட் கேட்வே எங்ககிட்ட எடுத்த கட்டணம் திரும்பி வராது. ஜிஎஸ்டிக்கு கிரெடிட் நோட் போடணும். ஆனா அதெல்லாம் எங்க தலைவலி. அதை டீச்சர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? "எங்களுக்கு நஷ்டம்"னு புலம்பினா "எனக்கும்தான் நஷ்டம்"னு பதில் வரும். அதுவும் சரிதானே.

சரி, காரணம் தெரிஞ்சாச்சு. உடனே மெயில் எழுதிடலாமா? இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. இது நிஜமாவே பாலிசி பிரச்சனைதானா, இல்ல நம்ம தப்பை பாலிசிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறோமான்னு பார்க்கணும்.

2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல "முறையற்ற வணிக நடைமுறை"ன்னு ஒரு பட்டியல் இருக்கு. குறைபாடுள்ள சேவைக்கு, பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறதும் அந்தப் பட்டியல்ல வருது. அதாவது "எங்க பாலிசியில ரீஃபண்ட் இல்ல"ங்கிற வாக்கியம், சேவை ஒழுங்கா நடந்திருந்தாத்தான் பேச்சுக்கே வரும். சேவை சரியில்லைன்னா அந்த வாக்கியம் உங்களைக் காப்பாத்தாது, காப்பாத்தவும் கூடாது.

அதனால டீச்சரோட அக்கவுண்ட்டைத் திறந்து மூணு விஷயம் பார்த்தேன். முதல்ல, சாஃப்ட்வேர் அவங்களுக்கு வேலை செஞ்சதா? 47 நாள்ல 31 நாள் லாகின் பண்ணியிருக்காங்க. அறுபது பிள்ளைங்களுக்கும் ஜூன், ஜூலை ரெண்டு மாச ரசீதும் போட்டிருக்காங்க. ஒன்பதாவது நாள் ஒரு புகார் இருக்கு, நினைவூட்டல் மெசேஜ் சில பேருக்குப் போகலன்னு. அன்னைக்கே சரி பண்ணி, அவங்களும் "இப்ப போகுது"ன்னு எழுதியிருக்காங்க. அந்தப் புகார் முடியாம தொங்கிட்டு இருந்திருந்தா நான் இந்த எபிசோடையே வேற மாதிரி பேசியிருப்பேன்.

அடுத்து, பாலிசி அவங்க கண்ணுல பட்டுச்சா? பணம் கட்டுற பேஜ்லயே, பட்டனுக்கு மேல 14 நாள் விஷயம் எழுதியிருக்கு. டிக் பண்ற பெட்டி காலியா இருக்கும், அவங்களேதான் டிக் பண்ணணும். 2020-ம் வருஷ இ-காமர்ஸ் விதிகள்படி முன்கூட்டியே டிக் போட்டு வெச்ச பெட்டியை சம்மதம்னு எடுத்துக்க முடியாது. ரசீது மெயில்லயும் அதே ரெண்டு வரி போயிருக்கு.

கடைசியா, இது அவங்க விரும்பி எடுத்த பேமெண்ட்தானா, இல்ல ஆட்டோ-ரெனியூவல்ல தானா போன பணமா? இது ரொம்ப முக்கியம். "நான் மறந்துட்டேன், தானா கட் ஆயிடுச்சு"ன்னு ஒருத்தர் ரெண்டாவது நாளே எழுதினா எங்க பாலிசி தாராளமா பணத்தைக் கொடுத்துடும். ஆனா கேன்சல் பட்டனை எங்கயோ ஒளிச்சு வெச்சு, மாட்டிக்கிட்டவங்ககிட்ட பாலிசி பேசுற கம்பெனிகளும் இருக்கு. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள்ல "சந்தா பொறி"யும் ஒண்ணு. அந்த நிலைமையில இருந்துக்கிட்டு மரியாதையா மறுக்கிறது எப்படின்னு கேட்டா, என்கிட்ட பதில் கிடையாது. டீச்சர் விஷயத்துல அது முதல் முறை வாங்கினது. அவங்களே வாங்கினது.

மூணும் சரியா இருந்துச்சு. இப்ப மறுக்கலாம்.

எப்படி மறுக்கிறது? இதுல தமிழ்ல ஒரு அழகான சிக்கல் இருக்கு. "தர மாட்டோம்"னு எழுதினா அது சண்டை. நாங்க மனசு வெச்சா தரலாம், வைக்கலன்னு அர்த்தம். "தர முடியாது", "இயலாது"ன்னு எழுதினா கொஞ்சம் பொய். எங்களால முடியும், பட்டனை அழுத்தினா போயிடும். டீச்சரும் அதையேதான் போன்ல கேட்டாங்க, "ஏன் முடியாது, நீங்கதானே வாங்கினீங்க?" கடைசியா நான் பிடிச்சது "தர்றதில்லை". "14 நாளுக்கு அப்புறம் வருடத் திட்டத்துக்கு நாங்க பணம் திருப்பித் தர்றதில்லை." இதுல உண்மை இருக்கு. யாருக்கும் தர்றதில்லை, உங்களுக்கு மட்டும்னு இல்ல. அடுத்து கேள்வி கேட்கவும் இடமில்ல, அவமானமும் இல்ல.

அடுத்து மாற்று வழி. இதைப் பத்தி எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு, அதைச் சொல்லிட்டு வரேன்.

டீச்சருக்கு ஒரு வருஷம் முன்னாடி, இதே மாதிரி இன்னொரு சென்டர்காரர் ரீஃபண்ட் கேட்டார். நான் நல்லவனா இருக்கணும்னு, "உங்க திட்டத்தை நிறுத்தி வைக்கிறோம் சார், எப்ப வேணாலும் திரும்பி வந்து தொடரலாம்"னு மெயில் போட்டேன். அவரும் நன்றி சொன்னார். பிரச்சனை என்னன்னா, எங்க சிஸ்டத்துல நிறுத்தி வைக்கிற வசதியே கிடையாது! அவர் அக்கவுண்ட்டை டேட்டாபேஸ்ல கையால முடக்கி, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல குறிச்சு வெச்சேன். அப்புறம் மறந்தாச்சு. அக்கவுண்ட்டைத்தான் முடக்கினேனே தவிர, ஆட்டோ-ரெனியூவலுக்கு அவர் பேங்க்ல கொடுத்திருந்த இ-மேண்டேட் அப்படியே உயிரோட இருந்துச்சு. அது பேமெண்ட் கேட்வேயில இருக்கிற தனி விஷயம். நாம இந்தப் பக்கம் என்ன பண்ணாலும் அதுக்குத் தெரியாது. வருஷம் முடியும்போது அவருக்கு "நாளை உங்கள் கணக்கில் பணம் எடுக்கப்படும்"னு முன்னறிவிப்பு போச்சு. 24 மணி நேரம் முன்னாடி அப்படி அனுப்பணும்ங்கிறது ரிசர்வ் பேங்க் விதி. அந்த விதி இருந்ததால அவருக்குத் தெரிஞ்சது, இல்லன்னா பணமே போயிருக்கும். போன்ல அவர் கேட்டதை ஒலிபரப்ப முடியாது. பழைய வருஷத்துக்கான முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அது பாலிசியை மீறினதா? இல்ல. நான் சொன்ன வாக்கை நாங்க காப்பாத்தல, அப்ப அது எங்க தப்பு, பாலிசிக்கு அங்க வேலையே இல்ல.

அதுக்கப்புறம் நிறுத்தி வைக்கிற வசதியை ஒழுங்கா எழுதினோம். நிறுத்தினா மேண்டேட்டையும் சேர்த்து கேன்சல் பண்ணும். மிச்ச நாளை எண்ணி வைக்கும். டேட்டாவைப் பார்க்கலாம், டவுன்லோட் பண்ணலாம், புதுசா பதிவு பண்ண முடியாது. ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணாலும் அவங்களே ஆன் பண்ணிக்கலாம். இன்னொண்ணு, மிச்ச நாளை வேற சென்டருக்கு மாத்திக் கொடுக்கிற வசதி. நான் இப்ப மாற்று வழின்னு எழுதுற எதுவும், அன்னைக்கு சாயங்காலமே என்னால சிஸ்டத்துல செஞ்சு முடிக்கக்கூடியதா இருக்கணும். இல்லன்னா எழுதுறதில்ல.

டீச்சருக்கு அனுப்பின ரெண்டாவது மெயிலை அப்படியே படிக்கிறேன்.

"வணக்கம் டீச்சர்.

ஜூன் 3 அன்று நீங்கள் எடுத்த வருடத் திட்டத்துக்கான பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதே எங்கள் முடிவு. மீதி மாதங்களுக்குக் கணக்குப் பார்த்துத் தருவதும் இல்லை. போனில் 'பாக்கலாம்' என்று நான் சொன்னது தவறு, அதனால் மூன்று நாள் உங்களை அலைய வைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

வருடத் திட்டத்தின் விலை மாதத் திட்டத்தைவிட 2,200 ரூபாய் குறைவு. முழு வருடத்துக்கும் எடுப்பதால்தான் அந்த விலை. அதனால் 14 நாளுக்குப் பிறகு யாருக்கும் திருப்பித் தருவதில்லை. நீங்கள் எழுதியது 47-வது நாள்.

ஆகஸ்ட் கடைசியில் சென்டரை மூடுவதாக எழுதியிருந்தீர்கள். ஆகஸ்ட் ஃபீஸ் வாங்கும் வரை இப்போது போலவே பயன்படுத்துங்கள். செப்டம்பர் 1 முதல் உங்களுக்கு 275 நாள் மிச்சம் இருக்கும். அந்த 275 நாளையும் அப்படியே நிறுத்தி வைக்கிறோம். கோயம்புத்தூரில் மறுபடி டியூஷன் ஆரம்பித்தால், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31-க்குள் என்றைக்கு வேண்டுமானாலும் அங்கிருந்து தொடரலாம். அதுவரை எந்தப் பணமும் எடுக்கப்படாது. கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாம்.

மறுபடி டியூஷன் எடுக்கப் போவதில்லை என்றால், அதே 275 நாளை நீங்கள் சொல்லும் வேறு ஒருவருக்கு மாற்றித் தருகிறோம்.

'நிறுத்தி வையுங்கள்' அல்லது 'மாற்றுங்கள்' என்று மட்டும் பதில் அனுப்பினால் போதும். மற்றதை நான் செய்கிறேன். ஆகஸ்ட் 25-க்குள் பதில் வராவிட்டால், நானே செப்டம்பர் 1 அன்று நிறுத்தி வைத்துவிட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன்."

கீழ என் பேர், என் நேரடி நம்பர்.

இதுல சில இடங்களைப் பத்தி சொல்லணும். மறுப்பு முதல் வரியிலேயே இருக்கு. முன்னாடி எல்லாம் நான் நாலு வரி ஆறுதல் சொல்லிட்டு அஞ்சாவது வரியில மறுப்பேன். படிக்கிறவங்க அந்த நாலு வரியும் "கிடைச்சிடும்போல"ன்னு நம்பிக்கிட்டே வருவாங்க. அவங்க கேட்டது மீதி மாசப் பணம் மட்டும்தான். அதுக்கு நேரடியா பதில் சொல்லணும். முதல் மெயில்ல நான் அதைத் தொடவே இல்ல. அதனாலதான் அவங்களுக்கு நான் மெயிலைப் படிக்கலன்னு தோணிச்சு.

"ஆகஸ்ட் ஃபீஸ்" வரி ஏன்னா, அவங்க மெயில்ல ஆகஸ்ட் கடைசின்னு எழுதியிருந்தாங்க. ஜூலை 20-லயே நிறுத்தினா 318 நாள் மிச்சம்னு பெரிய நம்பர் காட்டலாம், பார்க்க நல்லா இருக்கும். ஆனா அறுபது பிள்ளைங்களுக்கு கடைசி மாச ரசீதை அவங்க எதுல போடுவாங்க? நோட்டுலயா?

அப்புறம் அந்தக் கடைசி தேதி. வீடு மாத்துற நேரத்துல யாரும் மெயிலுக்குப் பதில் போட மாட்டாங்க. பதில் வரலைன்னா என்ன ஆகும்னு நாம எழுதலன்னா, செப்டம்பர்ல நாள் ஓட ஆரம்பிச்சிடும், அவங்களுக்கே தெரியாம மாற்று வழி கரைஞ்சிடும். பேசாம இருந்தாலும் அவங்களுக்குக் கெட்டது நடக்காத மாதிரி வெச்சேன்.

மாற்று வழியை ரெண்டோட நிறுத்தினதுக்கும் காரணம் இருக்கு. என்கிட்ட அஞ்சாறு யோசனை இருந்துச்சு. கூப்பன், அடுத்த வருஷம் தள்ளுபடி, ஃப்ரீயா எஸ்எம்எஸ் பேக். சென்டரையே மூடுறவங்களுக்கு எஸ்எம்எஸ் பேக் எதுக்கு? அவங்க சூழ்நிலைக்குப் பொருந்தாத மாற்று வழியைக் கொடுத்தா, அது மறுப்பைவிட அதிகமா கோபப்படுத்தும்.

ஒரு சின்ன கிளைக்கதை. எங்க ஆப்பை ஐபோன்ல ஆப் ஸ்டோர் வழியா வாங்கினவங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்க பணம் ஆப்பிள்கிட்ட போகுது, ரீஃபண்ட் முடிவும் அவங்களோடது, டெவலப்பர் கையில பட்டனே கிடையாது. அந்த மாதிரி கேட்கிறவங்களுக்கு reportaproblem.apple.com முகவரியையும், அங்க எந்த ஆர்டரைத் தேர்ந்தெடுக்கணும்ங்கிறதையும் எழுதி அனுப்புவேன். "ஆப்பிளைக் கேளுங்க"ன்னு மட்டும் எழுதினா அது தட்டிக் கழிக்கிறது. அங்க மட்டும் "முடியாது"ங்கிறது முழு உண்மை.

சரி, டீச்சர் என்ன சொன்னாங்க? மறுநாள் போன் வந்துச்சு. சந்தோஷமா இல்ல. "பணமா கிடைச்சிருந்தா அட்வான்ஸுக்கு ஆகியிருக்கும் தம்பி"ன்னாங்க. கோயம்புத்தூர்ல வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. திரும்பவும் "பாக்கலாம்" நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. "புரியுது டீச்சர். பணமா தர்றதில்லை. அது மாறாது"ன்னு சொல்லிட்டு அமைதியா இருந்தேன். அந்த அமைதி அஞ்சு செகண்ட் இருக்கும், அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவங்களே, "யாருக்கு வேணாலும் மாத்தலாமா? என்கிட்ட படிச்ச பொண்ணு ஒண்ணு பி.எட். முடிச்சுட்டு பக்கத்து தெருவுல டியூஷன் ஆரம்பிக்கிறா. என் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் அவகிட்டதான் போகப் போறாங்க"ன்னாங்க.

இங்க நான் இன்னொரு தடவை வழுக்கப் பார்த்தேன். "அப்ப உங்க லாகினையே அவங்களுக்குக் கொடுத்துடுங்க டீச்சர், வேலை முடிஞ்சுது"ன்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா அந்த அக்கவுண்ட்ல அறுபது வீட்டுப் பெற்றோரோட போன் நம்பர் இருக்கு, யார் வீட்ல ஃபீஸ் பாக்கின்னு இருக்கு. பாதிப் பிள்ளைங்க அந்தப் பொண்ணுகிட்ட போகல. அவங்க கடன் கணக்கு பக்கத்து தெருவுக்குத் தெரியணுமா? அதனால அந்தப் பொண்ணு பேர்ல புது அக்கவுண்ட் திறந்து 275 நாளை அதுல ஏத்துறேன்னும், அவகிட்ட சேரப் போற பிள்ளைங்களோட பெற்றோர்கிட்ட டீச்சர் கேட்டுட்டு பேர் கொடுத்தா அந்த விவரத்தை மட்டும் மாத்துறேன்னும் சொன்னேன். பாக்கிக் கணக்கு போகாது. டீச்சர், "அதுவும் சரிதான், எனக்குத் தோணல"ன்னாங்க.

அந்த 275 நாளுக்கு அந்தப் பொண்ணு டீச்சருக்கு ஏதாவது கொடுத்தாங்களான்னு நான் கேட்கல. அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. ஆகஸ்ட் 28-ம் தேதி டீச்சர் பெற்றோர்கிட்ட கேட்டு, 34 பேர் லிஸ்ட்டை நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாங்க. ஏழாவது பேர் ரெண்டு தடவை வந்திருந்துச்சு, போன் பண்ணிக் கேட்டேன். இரட்டைப் பிள்ளைங்களாம், ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், ஒரே பேர் மாதிரி. 31-ம் தேதி ராத்திரி கடைசி ரசீது போட்டு முடிச்சாங்க. பழைய அக்கவுண்ட்டோட டேட்டாவை அவங்க மெயிலுக்கு அனுப்பிட்டு, மேண்டேட் கேன்சல் ஆனதுக்கான ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பினேன்.

இந்த வாரம் இவ்வளவுதான். நீங்க கடைசியா யார்கிட்டயாவது "பாக்கலாம்"னு சொல்லி மாட்டிக்கிட்ட கதை இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.